எச்சரிக்கை வராத கணக்கு: எக்செலில் சுற்றுக் கணக்கீடு என்ன செய்கிறது?

சுங்கை சிப்புட்டில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து மில்லுக்கு ஏற்றும் லோரிகளை வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒருநாள் மடிக்கணினியோடு கடைக்கு வந்தார். லோரிகளில் அவருக்கும் ஒரு பங்காளிக்கும் பாதிப் பாதி உரிமை. அவற்றை ஓட்டி நிர்வகிப்பது இவர். அதற்காக மாதந்தோறும் ஓட்டச் செலவில் 5 விழுக்காட்டை நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் ஒப்பந்தம்.

"தம்பி, பங்காளி கால்குலேட்டர்ல தட்டிப் பாத்துட்டு, நான் அதிகமா எடுக்கிறேன்னு சொல்றாரு. எக்செல் போட்ட கணக்கு இது. ஒரு எச்சரிக்கைகூட வரலே. எங்கே தப்பு?"

அந்தப் பக்கத்தில் இருந்த எண்களை விளக்கத்துக்காக முழு எண்ணாக்கித் தருகிறேன். டீசல் 18,000 வெள்ளி. ஓட்டுநர்கள் சம்பளம் 13,500. இ.பி.எஃப், சொக்சோ 2,000. டயர், பழுது 6,500. கூட்டினால் 40,000. அதில் 5 விழுக்காடு 2,000 வெள்ளி. இதைத்தான் பங்காளி கால்குலேட்டரில் போட்டார். எக்செல் காட்டியதோ 2,105.26.

நூறு வெள்ளி வித்தியாசம். கண்ணை உறுத்தும் எண் இல்லை. அப்படி உறுத்தாமல் இருந்ததால்தான் எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் போனது.

நான்கு செலவுகளும் `B2` முதல் `B5` வரையான கட்டங்களில் இருந்தன. அவற்றின் கீழே இருந்த ஃபார்முலாக்கள் இவை:

```
B6 (கட்டணம்):  =B7*5%
B7 (மொத்தம்):  =SUM(B2:B6)
```

கட்டணம் மொத்தத்தைப் பார்க்கிறது, மொத்தம் கட்டணத்தைப் பார்க்கிறது. கட்டணம் தெரிந்தால்தான் மொத்தம் தெரியும், மொத்தம் தெரிந்தால்தான் கட்டணம் தெரியும். ஒரு ஃபார்முலா நேராகவோ, வேறு கட்டங்களின் வழியாகவோ தன்னையே திரும்பிப் பார்ப்பதற்கு வட்டக் குறிப்பு என்று பெயர். எக்செல் திரையில் அது `Circular Reference` என்று வரும்.

இது எப்படி நுழைந்தது என்பதை அண்ணனின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் பக்கம் சரியாகத்தான் இருந்தது. நான்கு செலவுகள், கீழே அவற்றின் மொத்தம், அதற்கும் கீழே கட்டணம். எல்லாச் செலவும் ஒரே இடத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று கட்டண வரியை வெட்டி மொத்தத்துக்கு மேலே செருகியிருக்கிறார். செருகிய வரி மொத்தத்தில் சேரவில்லை என்று பார்த்ததும் `AutoSum` பொத்தானை மீண்டும் அழுத்தியிருக்கிறார். `SUM(B2:B5)` அந்த நொடியில் `SUM(B2:B6)` ஆகிவிட்டது. கட்டணத்தின் ஃபார்முலா மட்டும் பழையபடி மொத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு எழுதுகிற எவருக்கும் நடக்கக்கூடிய தவறு இது.

சாதாரணமாக அந்த நொடியிலேயே எக்செல் ஒரு பெட்டியைக் காட்டித் தடுத்திருக்கும். ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வட்டக் குறிப்புகள் இருக்கின்றன, கணக்கு தவறாகப் போகலாம் என்று அது சொல்லும். அந்தக் கட்டத்தில் 0 தெரியும், அல்லது கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பு நிற்கும். சாளரத்தின் அடிப்பட்டையில் `Circular References: B6` என்பதுபோல ஒரு முகவரியும் வரும். இந்தத் தங்கைக்கு இவற்றில் ஒன்றும் வரவில்லை. காரணம் ஓர் அமைப்பு.

`File` > `Options` > `Formulas` என்று போனால் `Enable iterative calculation` என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தலைப்பில் சொன்ன சுற்றுக் கணக்கீடு இதுதான். எக்செல் நம் கைக்கு வரும்போது அந்த டிக் இருக்காது. டிக் போட்டால் எக்செல் வட்டத்தைத் தவறாகக் கருதுவதை நிறுத்திவிடும். இவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார், நான் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கைப் பெட்டி வராது, அடிப்பட்டையில் முகவரி வராது. `Formulas` தாவலில் `Error Checking` பக்கத்து அம்புக்குறியின் கீழே இருக்கும் `Circular References` பட்டியலும் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். தவறைத் தேடித் தரும் கருவிகள் மூன்றும் ஒரே டிக்கில் அணைந்துவிடுகின்றன.

சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடுவது என்றால் என்ன என்பதை அண்ணனின் பக்கத்திலேயே பார்க்கலாம். கட்டணம் 0 என்று வைத்துத் தொடங்குவோம். மொத்தம் 40,000, அதில் 5 விழுக்காடு 2,000. இது முதல் சுற்று. இப்போது கட்டணமும் சேர்ந்து மொத்தம் 42,000 ஆகிவிட்டது. அதில் 5 விழுக்காடு 2,100. மொத்தம் 42,100. அதில் 5 விழுக்காடு 2,105. அடுத்த சுற்றில் 2,105.25. அதற்கடுத்து 2,105.2625. ஒவ்வொரு சுற்றிலும் எண் நகரும் தூரம் முந்தையதில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆறாவது சுற்றில் நகர்ச்சை 0.001-க்கும் கீழே போய்விடுகிறது. அங்கே எக்செல் நிறுத்திக்கொண்டு 2,105.26 என்று காட்டுகிறது.

எப்போது நிறுத்துவது என்பதை அந்த டிக் பெட்டியின் கீழே இருக்கும் இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. `Maximum Iterations` 100, `Maximum Change` 0.001. நாம் மாற்றாதவரை இவையே இருக்கும். நூறு சுற்று முடிந்தாலும் நிறுத்தும், எண்கள் 0.001-க்கும் குறைவாக நகர்ந்தாலும் நிறுத்தும், எது முதலில் வருகிறதோ அது. இரண்டில் எதனால் நிறுத்தியது என்பதை எக்செல் நமக்குச் சொல்வதே இல்லை. விடையை எட்டி நின்றதா, களைத்து நின்றதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இதைப் பின்னால் மறுபடி தொடவேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எக்செல் கணக்கில் பிழை செய்யவில்லை. 2,105.26 ஒரு கேள்விக்குச் சரியான விடைதான். கட்டணத்தையும் சேர்த்த மொத்தத்தில் 5 விழுக்காடு எவ்வளவு என்று கேட்டால், 42,105.26-ல் 5 விழுக்காடு 2,105.26. ஆனால் ஒப்பந்தம் கேட்டது அந்தக் கேள்வி இல்லை. ஓட்டச் செலவில் 5 விழுக்காடு என்றுதான் எழுதியிருந்தார்கள். கேள்வி மாறிப்போனது யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கைப் பெட்டி வந்திருந்தால், எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று ஒருவராவது நின்று யோசித்திருப்பார்.

வட்டக் குறிப்புகள் எல்லாம் இப்படி அமைதியாக இருப்பதில்லை. மொத்தக் கட்டம் தன்னையே கூட்டிக்கொண்டால், அதாவது நான்கு செலவுகளுக்கு நேர் கீழே மொத்தம் இருக்கும் பக்கத்தில் `B6`-ல் `=SUM(B2:B6)` என்று வந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முழுச் செலவும் மீண்டும் ஏறும். 40,000 வெள்ளி நூறு சுற்றில் 40 லட்சம் ஆகும். `F9` அழுத்தினால் 80 லட்சம். அதைப் பார்த்த உடனே எவரும் பிடித்துவிடுவார்கள். எண் ஓர் இடத்தில் அடங்கி, நம்பும்படியாக நிற்கும் வட்டங்களுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

டிக் எங்கிருந்து வந்தது?

"நான் அந்த டிக்கைத் தொட்டதே இல்லே சார்" என்றார் தங்கை. உண்மைதான். அவர் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த அமைப்பு ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியானது என்று பலர் நினைக்கிறார்கள். எக்செல் திறந்திருக்கும்போது அது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானது. அன்றைக்கு முதலில் திறக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ, அதையே எக்செல் எடுத்துக்கொள்ளும். பின்னால் திறக்கும் கோப்புகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவற்றைச் சேமிக்கும்போது அந்த நேரத்து அமைப்பு அவற்றுக்குள்ளும் பதிந்துவிடும்.

நடந்ததை இப்படித்தான் கோர்த்துப் பார்த்தோம். வெளியூரிலிருந்து மின்னஞ்சலில் வந்த ஒரு கடன் கணக்குக் கோப்பு அவருடைய கணினியில் இருந்தது. அதில் டிக் போட்டிருந்தது. அதைச் செய்தவர் வட்டிக் கணக்குக்காகத் தெரிந்தே போட்டிருக்கிறார். தங்கை ஒரு காலையில் அதை முதலில் திறந்து, அது திறந்திருக்கும்போதே லோரிக் கணக்கையும் திறந்து வேலை செய்து சேமித்திருக்கிறார். அன்றிலிருந்து லோரிக் கோப்பிலும் டிக் உண்டு. அதன்பின் லோரிக் கோப்பை முதலில் திறக்கும் நாட்களில் எல்லாம், கூடத் திறக்கும் மற்றக் கோப்புகளுக்கும் அது பரவும். தொற்று மாதிரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டிக் இல்லாத ஒரு கோப்பை முதலில் திறந்துவிட்டு அந்தக் கடன் கோப்பைத் திறந்தால், வேண்டுமென்றே வைத்த வட்டத்துக்கும் எச்சரிக்கை வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து யாராவது அதற்குள் கைவைத்துவிடுவார்கள்.

கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொற்று இல்லை. `File` > `Settings` > `Calculation` என்ற இடத்தில் அந்தந்தக் கோப்புக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். டிக் போடாதவரை வட்டம் இருக்கும் கட்டத்தில் `#REF!` என்று பிழை நிற்கும்.

மறைந்திருக்கும் வட்டத்தைக் கண்டுபிடிப்பது

சந்தேகம் இருக்கும் கோப்பை இரட்டைச் சொடுக்கில் நேராகத் திறக்காதீர்கள். அப்படித் திறந்தால் அதுவே முதல் கோப்பாகி, அதன் டிக்கும் சேர்ந்து வந்துவிடும். எக்செலை முழுக்க மூடுங்கள். மீண்டும் திறந்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். `Options`-க்குப் போய் டிக் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சந்தேகக் கோப்பின் ஒரு நகலைத் திறந்து `Ctrl+Alt+F9` அழுத்துங்கள். திறந்திருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிடச் சொல்லும் விசைகள் அவை. வட்டம் இருந்தால் எச்சரிக்கையோ, அடிப்பட்டையில் `Circular References` என்ற சொல்லோ வரும். நகலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக் இல்லாத நிலையில் வட்டத்தில் இருக்கும் கட்டங்கள் 0 ஆகலாம். அதை மறந்துபோய்ச் சேமித்தால் பழைய எண்கள் போய்விடும்.

அடிப்பட்டையில் முகவரி இல்லாமல் `Circular References` என்று மட்டும் இருந்தால், வட்டம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். `Error Checking` பக்கத்து அம்புக்குறியை அழுத்தி, இப்போது உயிர்பெற்றிருக்கும் `Circular References` பட்டியலிலிருந்து அங்கே போகலாம். ஒன்றைச் சரிசெய்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எச்சரிக்கைப் பெட்டி ஒருமுறை வந்தபின், அடுத்த வட்டத்துக்கு அது மீண்டும் வரும் என்ற உறுதி இல்லை. அடிப்பட்டையில் அந்தச் சொல் அறவே மறையும்வரை தொடருங்கள். அண்ணனின் கோப்பில் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எட்டுப் பக்கங்கள் இருந்தன. முதல் பக்கத்தை நகலெடுத்துச் செய்தவை என்பதால் எட்டிலும் அதே வட்டம் இருந்தது.

`F9` அழுத்திப் பார்த்து, எதையும் மாற்றாமலே எண் மாறுகிறதா என்று சோதிக்கச் சிலர் சொல்வார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் வட்டத்தை அது காட்டிக் கொடுக்கும். அண்ணனின் வட்டத்தைக் காட்டிக் கொடுக்காது. அது எப்போதோ அடங்கிவிட்டது. எத்தனை முறை அழுத்தினாலும் அதே 2,105.26 தான்.

திருத்தம் ஒரு நிமிட வேலை. கட்டணம் எந்தக் கட்டங்களைப் பார்க்க வேண்டுமோ அவற்றை மட்டும் பார்க்கவைத்தோம்:

```
B6:  =SUM(B2:B5)*5%
B7:  =SUM(B2:B6)
```

ஒப்பந்தம் வேறு மாதிரி எழுதப்பட்டு, கட்டணம் உள்ளிட்ட மொத்தத்தில் 5 விழுக்காடு என்று இருந்திருந்தால்? அப்போதும் வட்டம் தேவையில்லை. கட்டணம் மொத்தத்தில் 5 பங்கு என்றால் மற்றச் செலவுகள் 95 பங்கு. `=SUM(B2:B5)*5%/(1-5%)` என்று எழுதினால் அதே 2,105.26 நேராக வந்துவிடும். எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். நான் பார்த்த வட்டங்களில் பெரும்பாலானவற்றை இப்படி ஒரு வரியில் அவிழ்த்துவிட முடிந்திருக்கிறது.

விடை இல்லாத கேள்விக்கும் எண் வரும்

வேண்டுமென்றே வட்டம் வைப்பது எப்போது சரி என்று சொல்வதற்கு முன், அது எப்போது நடக்கவே நடக்காது என்பதைக் காட்ட வேண்டும்.

ஒரு கடையில் ஊழியருக்கு இப்படி ஒரு போனஸ் விதி என்று வைத்துக்கொள்வோம். போனஸ் கொடுத்தபின் கையில் நிற்கும் லாபம் 20,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால், போனஸுக்கு முந்தைய லாபத்தில் 10 விழுக்காடு போனஸ். இல்லாவிட்டால் போனஸ் இல்லை. இந்த ஆண்டு போனஸுக்கு முந்தைய லாபம் 21,000.

போனஸ் 0 என்று தொடங்கினால் நிற்கும் லாபம் 21,000. அது 20,000-க்கு மேல், ஆகவே போனஸ் 2,100. கொடுத்தபின் நிற்பது 18,900. அது 20,000-க்குக் கீழே, ஆகவே போனஸ் 0. மறுபடியும் 21,000, மறுபடியும் 2,100. கடிகாரப் பெண்டுலம் போல ஆடிக்கொண்டே இருக்கும். இதற்கு விடையே இல்லை. விதியை எழுதியவர்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். ஆனால் எக்செல் நூறாவது சுற்றில் நின்று, அந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்த எண்ணைக் காட்டும். சுற்று எண்ணிக்கையை 101 என்று மாற்றினால் போனஸ் கிடைக்கிறதா இல்லையா என்பதே மாறிவிடும். ஒருவருடைய போனஸ் அப்படித் தீர்மானமாகக் கூடாது.

இன்னொரு வகை மெதுவாக நகர்வது. அண்ணனின் வட்டத்தில் நகர்ச்சை ஒவ்வொரு சுற்றிலும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியது. வேறொரு வட்டத்தில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக மட்டுமே சுருங்குகிறது என்றால், நூறு சுற்று முடிந்தபின்னும் போக வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீதி இருக்கும். எக்செல் அங்கேயே நின்றுவிடும். 0.001 என்பது ஒரு சுற்றின் நகர்ச்சை அளவுதான். விடைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதை அது சொல்லாது.

ஆகவே டிக் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு ஆம் என்று சொல்ல முடிய வேண்டும். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடை இருக்கிறதா? ஒவ்வொரு சுற்றும் அதை நோக்கி வேகமாகச் சுருங்குகிறதா? இயற்கணிதத்தால் நேராகப் போக முடியாது என்பது உறுதியா?

மூன்றுக்கும் ஆம் என்ற ஒரு கணக்கு

அதே அண்ணன் சில மாதங்கள் கழித்து ஒரு கடைவீடு வாங்கப் பார்த்தார். வீட்டுக்காகக் கடனாக வேண்டியது 199,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு, மலேசியாவில் கடன் தொகையில் 0.5 விழுக்காடு. அதையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ள விரும்பினார். சேர்த்தால் கடன் கூடும், கடன் கூடினால் வரி கூடும். நியாயமாகவே அமைந்த வட்டம் இது, யாருடைய தவறும் இல்லை.

முத்திரை வரி மட்டும் என்றால் வட்டத்தை அவிழ்த்துவிடலாம். 199,000-ஐ 0.995-ஆல் வகுத்தால் 200,000. அதில் 0.5 விழுக்காடு 1,000. சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் வரி உண்மையில் ஒவ்வோர் ஆயிரம் வெள்ளிக்கும், மிச்சமிருக்கும் துண்டு ஆயிரத்துக்கும் 5 வெள்ளி என்று மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது. வழக்கறிஞர் கட்டணமும் கடன் தொகையைப் பொறுத்துப் படிப்படியாக மாறும். அதற்கு எடுத்துக்காட்டாக முதல் 100,000-க்கு 1.5 விழுக்காடு, மீதிக்கு 1 விழுக்காடு என்று வைக்கிறேன். இவை நான் விளக்கத்துக்குப் போட்ட விகிதங்கள், உங்கள் வழக்கறிஞரின் விகிதத்தைக் கேட்டுப் போடுங்கள். படிகளும் முழுமையாக்கலும் வந்தபின் ஒரு வரி இயற்கணிதம் உதவாது. இந்தத் தொகைக்கு விடை ஒன்றுதான். கடன் கூடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் செலவு ஒன்றரைக் காசு அளவில்தான் கூடுகிறது. அதனால் வேகமாகச் சுருங்கும்.

இதையும் நான் டிக் இல்லாமல்தான் செய்தேன். சுற்றுகளைப் பக்கவாட்டில் விரித்து வைத்தால் வட்டமே இல்லை. `B1`-ல் 199,000. `B4`-ல் தொடக்க ஊகமாக அதே தொகை. பிறகு:

```
C2 (வரி):      =ROUNDUP(B4/1000,0)*5
C3 (கட்டணம்):  =MIN(B4,100000)*1.5%+MAX(B4-100000,0)*1%
C4 (கடன்):     =$B$1+C2+C3
```

`C` நெடுவரிசை `B`-ஐ மட்டும் பார்க்கிறது. இதை வலப்பக்கம் இழுத்தால் `D` நெடுவரிசை `C`-ஐப் பார்க்கும், `E` நெடுவரிசை `D`-ஐப் பார்க்கும். யாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடன் வரிசையில் வந்த எண்கள் 202,485.00, பிறகு 202,539.85, பிறகு 202,540.40, பிறகு மீண்டும் 202,540.40. கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பதால் விடையை எட்டிவிட்டோம் என்று கண்ணால் பார்க்கிறோம். டிக் போட்டிருந்தால் கடைசி எண் மட்டும்தான் தெரிந்திருக்கும். விரித்து வைத்தபோது அண்ணனுக்கும் புரிந்தது, வங்கிக்கு அனுப்பும்போது வேறெவர் கணினியிலும் அதே எண்தான் வரும்.

அப்படியானால் டிக் எதற்கு? நாலைந்து நெடுவரிசையில் விரிக்க முடியாத கணக்குகளுக்கு. பத்து ஆண்டுக் கடனுக்கு மாதாமாதம் பணவரவு முன்கணிப்பு போடுகிறீர்கள். அந்த மாத வட்டி தொடக்க நிலுவைக்கும் முடிவு நிலுவைக்கும் இடைப்பட்ட சராசரியின் மேல். முடிவு நிலுவையிலோ அந்த வட்டி சேர்ந்திருக்கிறது. நிலுவை 0-க்குக் கீழே போகக் கூடாது, கையில் ஒரு குறைந்தபட்சத் தொகை நிற்க வேண்டும் என்று நிபந்தனைகளும் இருக்கின்றன. 120 மாதம், ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். பெரிய கட்டுமானத் திட்டங்களின் நிதிக் கணக்குகளில் இது வழக்கமான நிலைமை. அங்கே சுற்றுக் கணக்கீடு பொருத்தமானது. சிறு தொழிலுக்கு, தொடக்க நிலுவையின் மேல் வட்டி போட்டால் வட்டமே வராது. 30,000 வெள்ளி நிலுவை, மாதம் 0.6 விழுக்காடு, மாதத்தில் 6,000 அடைக்கிறார் என்றால் தொடக்க நிலுவை முறையில் 180 வெள்ளி, சராசரி முறையில் 162.49. முன்கணிப்புக்கு அந்த வித்தியாசம் பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை.

டிக் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, வட்டத்தை உடைக்கும் சாவி. வட்டத்துக்குள் எங்காவது ஒருமுறை `#VALUE!` வந்துவிட்டால், அதற்குக் காரணமான உள்ளீட்டைத் திருத்தினாலும் பிழை போகாது. ஒவ்வொரு கட்டமும் பிழையாக இருக்கும் அடுத்த கட்டத்தைப் பார்த்துத் தானும் பிழையாகவே இருக்கும். கடன் கணக்கை `B` நெடுவரிசையிலேயே வட்டமாக எழுதுவதாக வைத்தால், `B2`, `B3` இரண்டும் `B4`-ஐப் பார்க்கும். `B4`-ல் சாவி இருக்கும்:

```
B4:  =IF($B$6=1, B1+B2+B3, B1)
```

`B6`-ல் 0 போட்டால் வட்டம் அறுந்து எல்லாம் சுத்தமாகும், 1 போட்டால் மீண்டும் ஓடும். எல்லா வட்டங்களும் `B4` என்ற ஒரு கட்டத்தின் வழியாகப் போவதால் ஒரு சாவி போதும்.

இரண்டாவது, விடையைச் சோதிக்கும் கட்டம். இதில் நானே முன்பு தவறியிருக்கிறேன். `=B1+B2+B3-B4` என்று எழுதி, 0 வருகிறது, சரி என்று விட்டிருக்கிறேன். எக்செல் ஒரு சுற்றில் மேலிருந்து கீழே போய் `B4`-ஐக் கடைசியாகக் கணக்கிட்டால், அது எப்போதும் 0 தான் காட்டும், விடையை எட்டாதபோதும். கடைசியாக வந்த கடன் தொகையிலிருந்து வரியையும் கட்டணத்தையும் புதிதாகக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்:

```
=ABS(B1+ROUNDUP(B4/1000,0)*5
 +MIN(B4,100000)*1.5%+MAX(B4-100000,0)*1%-B4)
```

இது ஒரு காசுக்கும் குறைவாக இருந்தால் நம்பலாம். போனஸ் கணக்கில் இதே சோதனையை வைத்திருந்தால் அது 2,100 என்று கத்தியிருக்கும்.

இப்படிப்பட்ட கோப்பைத் தனியாகத் திறந்து, வேலை முடிந்ததும் எக்செலையே மூடிவிட்டு, மற்றக் கணக்குகளை அதன் பிறகு திறப்பது என் வழக்கம். முதல் பக்கத்தின் மேலே, இந்தக் கோப்பில் வட்டம் இருக்கிறது, எந்தக் கட்டத்தில், எதற்காக என்று ஒரு வரி எழுதி வைப்பேன். அந்த வெளியூர்க் கடன் கோப்பில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், தங்கை அதை லோரிக் கணக்கோடு சேர்த்துத் திறந்திருக்க மாட்டார்.

அண்ணன் எட்டு மாதப் பக்கங்களையும் திருத்திய ஃபார்முலாவோடு மறுபடி போடச் சொன்னார். மாதத்துக்கு மாதம் செலவு கூடக்குறைய இருந்ததால், கூடுதலாக எடுத்தது 800 வெள்ளிக்குச் சற்று மேல் வந்தது. அதை எழுதி, திருத்திய பக்கங்களையும் சேர்த்து, அன்று மாலையே பங்காளி வீட்டுக்கு எடுத்துப் போனார்.